கிரைண்டருக்கு ரிவியூ எழுதி நான் செய்த தப்பு

இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஆறாம் மாதம் ஒரு ரிவியூ போட்டேன்: “மோட்டாரில் வலு இல்லை, ஆறே மாதத்தில் படுத்துவிட்டது.” இரண்டு நட்சத்திரம்.

அரைமணியில் பொங்கி வந்த உளுந்து, முக்கால் மணி ஆகியும் நறநறவென்று இருந்த கோபத்தில் எழுதியது அது. அப்புறம் மெக்கானிக்கிடம் காட்டினேன். கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “மோட்டார் நல்லாத்தாங்க இருக்கு, பெல்ட்டுதான் வழுக்குது” என்றார். கண்டுபிடிப்பதும் எளிதுதான். மோட்டார் சத்தம் சீராக ஓடுகிறது, ஆனால் மாவு கெட்டியானதும் பாத்திரம் மெதுவாகிறது, லேசாக ரப்பர் கருகும் வாடை வருகிறது என்றால் பெல்ட். மோட்டாரே முனகித் திணறினால் அது வேறு கதை. அப்போதும் வீட்டில் வோல்டேஜ் குறைவா என்று பார்த்துவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும். பெல்ட் ரப்பர், நாளாக நாளாகத் தளரும். போதாததற்கு நான் அரிசியைத் தண்ணீர் போதாமல் ஒரேயடியாகக் கொட்டுகிறவன். என் பங்கையும் விற்றவர் தலையில் கட்டிவிட்டேன். என்ன நடந்தது என்று மட்டும் எழுதியிருந்தால் போதும், காரணத்தை நானே தீர்மானித்திருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு அரைத்தேன் என்பதையும் எழுதவில்லை. வாரம் ஒருமுறை அரைக்கிற வீட்டுக்கும் தினமும் அரைக்கிற வீட்டுக்கும் ஆறு மாதம் ஒன்றாகாது.

முதல் வாரத்திலேயே “மாவில் கல் துகள்” என்று எழுதுகிறவர்களும் உண்டு. புதுக் கல்லில் அது வரும். கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிட்டுக் கல்லைக் கழுவ வேண்டும். அதற்கு அப்புறமும் நாலைந்து தடவை தொடர்ந்து வந்தால் தாராளமாக எழுதலாம்.

அதற்காக உண்மையான குறையை அமுக்கவும் கூடாது. மாவைத் தள்ளிவிடும் பிளாஸ்டிக் தகடு எனக்கு நாலாம் மாதமே விரிசல் விட்டது. விற்றவர் மரியாதையாகப் பேசினாரே என்று அதை எழுதாமல் விட்டிருந்தேன். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

பழைய ரிவியூவை அழிக்காமல், அதன் கீழேயே இப்படிச் சேர்த்தேன்:

“எட்டாம் மாதம், திருத்தம். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. மோட்டார் பற்றி நான் எழுதியது தவறு. பெல்ட் மாற்றியதும் உளுந்து பழையபடி அரைமணியில் அரைபடுகிறது. தள்ளும் தகடு நாலாம் மாதம் விரிசல். வாரண்டியில் பிளாஸ்டிக் சேராது என்றார்கள். அன்றே பதில் சொன்னார்கள், ஆனால் தகடு வர மூன்று வாரம் ஆனது. நான்கு நட்சத்திரம், ஒன்று குறைந்தது தகட்டுக்காக.”