லட்சத்துக்கா, பத்து லட்சத்துக்கா? மருத்துவ எண்களை மொழிபெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாக இந்த வேலைக்கு வந்த ஒருவர் மொழிபெயர்த்த தடுப்பூசித் துண்டறிக்கையைத் திருத்த உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியிலேயே பேனா நின்றுவிட்டது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு, கிட்டத்தட்ட அதே வாக்கியத்தில். மில்லியன் என்றால் பத்து லட்சம், பத்து மில்லியன் ஒரு கோடி, பில்லியன் நூறு கோடி என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது தெரிந்தவர்களே விழுகிற குழிகளைப் பற்றித்தான் இது.

"இத்தனை பேருக்கு" என்பதைக் கவனிக்காமல் விடுவது

தடுப்பூசிக்குப் பின் வரும் அனாஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமை எவ்வளவு அபூர்வம் என்று பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வு 2016-இல் வெளியானது. மொத்தம் 25,173,965 டோஸ்கள், அதில் உறுதியான அனாஃபிலாக்சிஸ் 33. ஆகவே ஒரு மில்லியன் டோஸுக்கு 1.31. இதைத் தமிழில் எழுத வந்தவர் "லட்சம் டோஸுக்கு 1.31 பேர்" என்று எழுதியிருந்தார். ஆபத்து ஒரே வரியில் பத்து மடங்கு ஆகிவிட்டது.

மில்லியனுக்கு லட்சம் என்று நினைத்தா எழுதினார்? இல்லை, கேட்டால் சரியாகச் சொல்கிறார். கைப்பழக்கம்தான் காரணம். காசநோய், புற்றுநோய், பேறுகால இறப்பு என்று நாம் தினமும் மொழிபெயர்க்கும் விகிதங்களில் பெரும்பாலானவை ஒரு லட்சத்துக்கு இத்தனை என்ற கணக்கில் வருபவை. "லட்சம் பேருக்கு" என்று எழுதி எழுதி விரலுக்கே அது மனப்பாடம். மில்லியன் என்று வருவது எப்போதாவது, அதுவும் மிக அபூர்வமான விளைவுகளைச் சொல்லும்போதுதான். அபூர்வம் என்று சொல்ல வந்த இடத்திலேயே அபூர்வத்தைக் குறைத்துவிடுகிறோம்!

என் துண்டறிக்கையில் இதே பிழையை அச்சான பிறகுதான் ஒரு மருத்துவர் கண்டுபிடித்தார். மறுஅச்சுச் செலவில் பாதியை என் கூலியில் பிடித்தார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. இரண்டு பேர் மெய்ப்புப் பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. படாது, ஏனென்றால் 1.31 என்ற எண் மூலத்திலும் 1.31, தமிழிலும் 1.31. எண்ணை மட்டும் ஒப்பிடுகிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

பிடிக்க ஒரு வழி உண்டு. மொத்தத்திலிருந்து திரும்பக் கணக்குப் போடுங்கள். 2 கோடியே 51 லட்சத்துச் சொச்சம் டோஸ் என்றால் சுமார் 252 லட்சம். லட்சத்துக்கு 1.31 என்றால் சுமார் 330 பேருக்கு வந்திருக்க வேண்டும். மூலத்தில் இருப்பதோ 33. அரை நிமிட வேலை.

சரி, எப்படித்தான் எழுதுவது? "பத்து லட்சம் டோஸுக்கு 1.31" என்பதே பத்திரமானது. சிலர் புத்திசாலித்தனமாக "லட்சம் டோஸுக்கு 0.13" என்று மாற்றுவார்கள், கணக்கு சரிதான், ஆனால் பூச்சியத்தில் தொடங்கும் ஆள் கணக்கு வாசகருக்கு ஒன்றும் சொல்லாது. பொதுமக்களுக்கான துண்டறிக்கை என்றால் நான் திருப்பிப் போட்டுவிடுவேன்: ஏறக்குறைய ஏழரை லட்சம் டோஸுக்கு ஒருவர். ஒரே பத்தியில் லட்சத்துக்கான விகிதமும் பத்து லட்சத்துக்கான விகிதமும் அடுத்தடுத்து வந்தால் மட்டும் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் வாசகர் அவற்றை அப்படியே ஒப்பிட்டுவிடுவார்.

புள்ளிக்குப் பின்னால் வரும் பூச்சியம்

2022-இல் உலகில் 10.6 மில்லியன் பேருக்குக் காசநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அது 1.06 கோடி, அதாவது ஒரு கோடியே ஆறு லட்சம். அவசரத்தில் அந்தப் பூச்சியம் விழுந்து 1.6 கோடி ஆகும். அல்லது பூச்சியம் இருந்தும் வாசிக்கிறவர் "ஒரு கோடியே அறுபது லட்சம்" என்பார். 54 லட்சம் நோயாளிகள் எங்கிருந்தோ முளைத்துவிடுவார்கள். புள்ளி வைத்து எழுதாமல் "ஒரு கோடியே 6 லட்சம்" என்று எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

காற்புள்ளி

ஒரே ஆவணத்தில் 25,173,965-உம் 2,51,73,965-உம் கலந்து வரக்கூடாது. அவ்வளவுதான்.

லட்சக்கணக்கான

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இது வம்பு. "லட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்" என்றால் மூன்று லட்சமாகவும் இருக்கலாம், முப்பது லட்சமாகவும் இருக்கலாம். முன்னதற்கு மில்லியன் கணக்கு என்று ஆங்கிலத்தில் போட்டால் அப்பட்டமான பொய். எழுதியவரிடம் எண்ணைக் கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால், "பெருமளவில்" என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.