‘சடசட’ மழையை ஆங்கிலத்தில் நனையவிடாதீர்கள்

எங்கள் பாட்டி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் பால்மரம் வெட்டு வேலை செய்தவர். அவர் பேசியதைக் கைப்பேசியில் பதிவுசெய்து வைத்திருந்தேன். தமிழ் படிக்கத் தெரியாத என் அக்காள் மகளுக்காக அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். படித்து முடித்ததும் அவள் கேட்டாள்: “பாட்டிக்கு மழைன்னா ரொம்பப் பிடிக்குமா மாமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டி சொன்னது இதுதான்:

“விடியக்காலையில பெரட்டுக்குக் குடுகுடுன்னு ஓடுவோம். மரம் வெட்டி முடிச்ச நேரம் பாத்து மழை சடசடன்னு வந்துச்சுன்னா மங்குல இருந்த பாலெல்லாம் போச்சு. தண்டல் என்ன சொல்லப் போறாரோன்னு மனசு படபடன்னு அடிச்சுக்கும்.”

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது. மங்கு, மரத்திலிருந்து வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம். தண்டல், வேலையை மேற்பார்ப்பவர். மங்கில் மழைநீர் விழுந்தால் பால் நிரம்பி வழிந்து மண்ணோடு போய்விடும். பால் குறைந்தால் கூலியும் குறையும். அந்த மழை பாட்டியின் வயிற்றில் அடித்த மழை. நானோ அகராதியைப் பார்த்து ‘சடசட’வுக்கு ‘பேட்டர்’ என்று போட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் ‘பேட்டர்’ என்றால் லேசான தூறல். போர்வைக்குள் சுருண்டுகொண்டு கேட்கிற இதமான ஓசை. குழந்தை படித்தது என் தவற்றை. அவள் மேல் குற்றமில்லை.

நம்மில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். தமிழ்ப்பள்ளியில் இரட்டைக்கிளவியை மொழியணிப் பட்டியலாக மனனம் செய்கிறோம்: கலகல என்றால் சிரிப்பு, சலசல என்றால் நீரோட்டம், படபட என்றால் பதற்றம். தேர்வுக்கு அது போதும். மொழிபெயர்ப்புக்கு உட்காரும்போது, ஒரு கிளவிக்கு ஓர் ஆங்கிலச் சொல் என்று மனம் தானாகவே சோடி சேர்த்துவிடுகிறது. ‘படபட’வையே எடுத்துக்கொள்ளுங்கள். புறா இறக்கையைப் படபடவென அடித்தால் ‘ஃப்ளாப்’. பட்டாசு படபடவென வெடித்தால் ‘கிராக்கிள்’. ஒருத்தி மூச்சுவிடாமல் படபடவெனப் பேசினால் ‘ராட்டில்’. நெஞ்சு படபடவென அடித்தால், அது எதற்காக அடித்தது என்று பார்க்க வேண்டும். காதலனைக் கண்டு என்றால் ‘ஃப்ளட்டர்’. தண்டலுக்குப் பயந்து என்றால் ‘பவுண்ட்’. தமிழில் ஒரே கிளவி எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது, ஏனென்றால் அது தருவது விரைந்து திரும்பத் திரும்ப நிகழ்வதன் சாயலை மட்டும்தான். மிச்சத்தைப் பக்கத்திலிருக்கும் வினை சொல்லிவிடுகிறது.

இதிலிருந்துதான் இரண்டாவது தவறு வருகிறது. எனக்குத் தெரிந்தவரை பெரிய தவறும் இதுவே. தமிழில் வினை எளிமையாக இருக்கும்: வந்தது, ஓடினான், அடித்தது. எப்படி என்பதை ‘சடசடவென’ என்று முன்னால் தனியாக வைப்போம். ஆங்கிலம் அந்த ‘எப்படி’யை வினைக்குள்ளேயே அடக்கிவிடும். இது தெரியாதவர்கள் வினையை அப்படியே வைத்துக்கொண்டு, ‘வித் எ சடசட சவுண்ட்’ என்று வால் ஒட்டுகிறார்கள். டியூஷனில் என் மாணவர்கள் எழுதும் தாள்களில் இந்த வாலை வாரம் தவறாமல் வெட்டிக்கொண்டிருக்கிறேன். ‘ரன் வித் குடுகுடு சவுண்ட்’ என்று எழுதுவதைவிட ஓடும் விதத்தையே தன்னுள் வைத்திருக்கும் வினையைத் தேடுங்கள். தமிழில் இரண்டு சொல் செய்கிற வேலையை அங்கே ஒரு சொல் செய்யும்.

அப்படித் தேடும்போதும் நிதானம் வேண்டும். ‘குடுகுடு’ என்பது சின்னச் சின்ன அடிவைத்து ஓடும் ஓட்டம்; குழந்தைக்கும் பொருந்தும், கிழவருக்கும் பொருந்தும். ‘தடதட’ ஓடினால் தரை அதிரும். பாட்டி அப்போது பன்னிரண்டு வயதுப் பெண். ‘ஸ்கேம்பர்’ என்று போட்டால் விளையாடிக்கொண்டு ஓடியதாக ஆகிவிடும். பெரட்டுக்குப் பிந்தினால் திட்டு விழும் என்ற பயத்தில் ஓடிய கால்கள் அவை. கடைசியில் ‘ஸ்கர்ரி’ என்று வைத்தேன்: சின்ன அடி, வேகம், பயம் மூன்றும் அதில் இருக்கின்றன.

ஆங்கிலத்திலும் இரட்டைச் சொற்கள் உண்டே, ‘பிட்டர்-பேட்டர்’ என்று எழுதினால் என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் அங்கே அந்தச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்குக் குழந்தைப் பாட்டின் வாடை உண்டு. தமிழில் அப்படியில்லை. எழுபது வயது மூதாட்டி சாவைப் பற்றிப் பேசும்போதும் ‘வெடவெடன்னு நடுங்குனேன்’ என்பார். கேட்பவர் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. மலாயில் ‘ருமா’ என்றால் வீடு, ‘ருமா-ருமா’ என்றால் வீடுகள். ‘ருமா’ தனியாக நின்றாலும் அதற்குப் பொருள் உண்டு. தமிழில் ‘மெல்ல மெல்ல’, ‘பாம்பு பாம்பு’ போன்ற அடுக்குத்தொடர்களும் அப்படித்தான். பிரித்தாலும் பொருள் தரும். “இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா” என்று தொல்காப்பியம் சொல்வது வேறு இனத்தை. ‘சட’ மட்டும் தனியாக நின்று மழையைச் சொல்லாது. மூன்றையும் ஒன்றாக எண்ணும் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் இரட்டித்து, ‘ஸ்லோ ஸ்லோ’, ‘ஃபாஸ்ட் ஃபாஸ்ட்’ என்று எழுதுகிறார்கள். மலேசியப் பேச்சில் அது புரியும். எழுத்தில், நம் ஊரைத் தெரியாத வாசகருக்கு, அது அரைகுறை ஆங்கிலமாகத்தான் தெரியும்.

பெயர்ச்சொல்லாக மாறியபின் ஓசை போய்விடுவதையும் கவனியுங்கள். ‘கிசுகிசுவெனப் பேசினார்கள்’ என்பதில் தாழ்ந்த குரல் இருக்கிறது. ‘நடிகரைப் பற்றிய கிசுகிசு’ என்பதில் அது இல்லை, வெறும் வம்புதான்.

சரி, அந்த மழை. தகரக்கூரை மேல் விழுந்தால் ‘ட்ரம்’ என்று எழுதியிருக்கலாம். பாட்டி நின்றது மரங்களுக்கு அடியில். ஆகவே முதலில் எதன்மேல் விழுந்தது என்று கேட்டுக்கொண்டேன்: இலைமேல். அடுத்து, துளி பெரியதா சிறியதா? பெரியது. மெல்லத் தொடங்கியதா, திடீரென்றா? திடீரென்று, அதனால்தான் பாலை எடுக்க நேரமில்லை. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தபின் வாக்கியம் இப்படி வந்தது: ‘தி ரெயின் கேம் ராட்லிங் டவுன் த்ரூ தி லீவ்ஸ்’. முன்பு பேச்சுக்குச் சொன்ன ‘ராட்டில்’ இங்கே மழைக்கு வந்திருக்கிறது; தமிழில் வேறு வேறு கிளவிகள், ஆங்கிலத்தில் ஒரே வினை. அதில் தவறொன்றுமில்லை.

பதிவின் கடைசியில் பாட்டி, “தண்டல் பல்ல நறநறன்னு கடிப்பாரு” என்கிறார். இதற்கு வெகுநேரம் ஒரு சொல் தேடினேன். பிறகுதான் புரிந்தது: பல்லைக் கடிப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘கிரைண்ட்’ என்ற வினையே அரைக்கிற வினை, நறநற அதற்குள்ளேயே இருக்கிறது. ‘ஹி கிரவுண்ட் ஹிஸ் டீத்’ என்று எழுதிவிட்டு, புதிய பிரதியை அக்காள் மகளிடம் கொடுத்தேன். இந்த முறை அவள் கேட்டது: “அன்னைக்குக் கூலி குடுத்தாங்களா மாமா?”