வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு: சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது நேரும் தவறுகள்

பாகற்காயைப் பொரியலாகவோ புளிக்குழம்பாகவோ சோற்றுடன் உண்பவருக்கு அதனால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. அதே காயில் இரண்டு மூன்றை அரைத்து வடிகட்டி, விடியற்காலையில் ஒரு குவளை குடித்து, வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் விழுங்கிவிட்டு, பசியாறுவதைத் தள்ளிப்போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தாம் உட்கொள்ளும் மாத்திரை எந்த வகையைச் சேர்ந்தது என்று அறியாமல் சாறு குடிக்கத் தொடங்குவதே முதல் தவறு. மெட்ஃபார்மினை மட்டும் உட்கொள்பவருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகும் வாய்ப்பு குறைவு. கிளிப்பிசைடு, கிளிக்லசைடு, டோல்பியூட்டமைடு போன்ற மாத்திரைகளோ, இரத்தத்தில் சர்க்கரை ஏற்கெனவே குறைந்திருந்தாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. அடுத்துச் சாப்பாடு வரும் என்ற நம்பிக்கையில்தான் அவை உணவுக்குச் சற்று முன்போ உணவுடனோ கொடுக்கப்படுகின்றன. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவரும் இந்த வகையில்தான் சேர்வார். பாகற்காயில் சர்க்கரையைக் குறைக்கக்கூடிய சில பொருள்கள் உண்டு என்றாலும், மனிதர்களிடம் அது எவ்வளவு குறைக்கும் என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. காய்க்குக் காய் வீரியமும் மாறுபடும். மாத்திரையில் 5 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது, குவளையில் அப்படி எதுவும் எழுதியிருப்பதில்லை.

கிளிப்பிசைடு உட்கொள்ளும் 68 வயதுடைய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். காலை 6.30 மணிக்கு அவருடைய சர்க்கரை அளவு லிட்டருக்கு 5.8 மில்லிமோல். சாற்றையும் மாத்திரையையும் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டு, பூங்காவில் முக்கால் மணி நேரம் நடந்து, அங்கிருந்து தேக்கா சந்தைக்குச் சென்று காய்கறி வாங்கிவிட்டு, 8.30 மணிக்குத் தோசைக்காக வரிசையில் நிற்கிறார். மாத்திரை, சாறு, நடை ஆகிய மூன்றும் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்க, ஏற்றுவதற்கான உணவு மட்டும் வயிற்றுக்குள் போகவில்லை. அவருக்கு வியர்க்கிறது, சிங்கப்பூர் வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது என்று பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார். ஆனால் நிழலில் நின்ற பின்னும் உடல் குளிர்ந்து வியர்ப்பது, கை நடுங்குவது, திடீரென அகோரப் பசி எடுப்பது, சில்லறை எண்ணத் தடுமாறுவது ஆகியவை வெயிலால் வருவன அல்ல. அப்போது விரல் நுனியில் குத்திப் பார்த்தால் 3.4 என்று காட்டலாம், 4.0க்குக் கீழ் போனாலே தாழ்நிலைதான். இதய நோய்க்காக பிசோப்ரோலால், அட்டெனலால் போன்ற மருந்து உட்கொள்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும் எஞ்சியிருக்கும்.

அந்த 3.4ஐப் பார்த்துச் 'சாறு நன்றாக வேலை செய்கிறது' என்று மகிழ்வது, என் கணிப்பில், எல்லாவற்றையும்விட மோசமான தவறு. அந்த மகிழ்ச்சியில்தான் மறுநாளும் அதே குவளை நிரப்பப்படுகிறது.

தாழ்ந்த சர்க்கரையை மீட்கும் முறையிலும் பிழைகள் நேர்கின்றன. சாக்லேட்டிலும் பாலிலும் உள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதோ, சர்க்கரை சேர்த்த சாதாரண குளிர்பானத்தில் அரைக் குவளை குடிப்பதோ நல்லது. காப்பிக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்பதற்குக் 'கோசோங்' என்று கேட்டுப் பழகிய நாக்கு அந்தப் பதற்றத்திலும் அதையே கேட்டுவிடக்கூடும் என்பதை உடன் இருப்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, 4.0ஐத் தாண்டவில்லை என்றால் அதே அளவு சர்க்கரையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். தாண்டியதும் இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டாக வேண்டும். கிளிப்பிசைடு போன்றவை பல மணி நேரம் உடலில் வேலை செய்வதால், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமான முதியவர்களுக்கு, சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 995ஐ அழைக்க வேண்டும்.

சாற்றுக்கு இடம் கொடுப்பதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்துவோரும் உண்டு. அவர்களுக்குச் சர்க்கரை பல வாரங்கள் சத்தமின்றி ஏறிக்கொண்டிருக்கும். வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை நாளன்று சாற்றைக் குடித்துவிட்டு பலதுறை மருந்தகத்துக்குப் போனால் பரிசோதனை முடிவும் நம்பத்தக்கதாக இராது.

பாகற்காய் வேண்டும் என்பவர் அதை உணவோடு கறியாகவே உண்ணலாம். சாற்றை விடவே மனமில்லை என்றால், தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ மாத்திரை அட்டையைக் காட்டி, எத்தனை காய், எந்த நேரம், அதன்பின் எப்போது சாப்பாடு என்பதையும், வீட்டில் அளந்து குறித்த காலை அளவுகளையும் சொல்ல வேண்டும். மாத்திரையின் அளவைக் குறைப்பதா, சாற்றைத் தவிர்ப்பதா என்று அவற்றை வைத்துத்தான் அவர்கள் முடிவுசெய்ய முடியும்.