வெளிநாட்டு வாங்குநர் நம்பும்படி ஏற்றுமதி அறிமுகம் எழுதுவது எப்படி? ஒரு ஈரோட்டு மஞ்சள் மண்டியை வைத்து ஒரு செய்முறை

துபாயிலோ ஹாம்பர்க்கிலோ மஞ்சள் வாங்குகிறவர் வர்த்தக இணையதளத்தில் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது, பக்கத்திலேயே இன்னொரு ஜன்னலையும் திறந்து வைத்திருப்பார். நீங்கள் சொல்லும் பெயர், ஆண்டு, நாடு எல்லாவற்றையும் அங்கே போட்டுப் பார்ப்பார். அதனால் அறிமுகம் எழுதும்போது ஒரே ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத வாக்கியத்தை எடுத்துவிடலாம்.

விளக்கத்துக்காக ஒரு மண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். ஈரோட்டில் அப்பா 1994 முதல் கமிஷன் மண்டி நடத்துகிறார். மகன் 2008இல் தொழிலுக்கு வருகிறார். 2015 முதல் கொச்சியிலும் மும்பையிலும் இருக்கும் ஏற்றுமதி வணிகர்களுக்குச் சரக்கு கொடுக்கிறார்கள். 2019இல் மகன் பெயரில், ஏற்றுமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண்ணைச் சொந்தமாக எடுத்து, 2020 முதல் நேரடியாக அமீரகத்துக்கும் மலேசியாவுக்கும் அனுப்புகிறார்கள். அமெரிக்காவுக்குப் போனது ஒரு கூரியர் மாதிரி மட்டும். இவர்கள் முதலில் எழுதி வைத்திருந்தது இப்படி: “30 ஆண்டு ஏற்றுமதி அனுபவம். உலகெங்கும் வாடிக்கையாளர்கள். மிகச் சிறந்த தரமான மஞ்சள், நியாயமான விலை.” இதைத்தான் இப்போது திருத்தப் போகிறோம்.

படி 1: பெயரை ஒன்றாக்குங்கள்

ஐ.இ.சி., ஜி.எஸ்.டி., ஸ்பைசஸ் போர்டின் ஏற்றுமதியாளர் பதிவுச் சான்றிதழ், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், வங்கிக் கணக்கு ஆகிய ஐந்தையும் மேசையில் பரப்பிவைத்து, நிறுவனத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் “டிரேடர்ஸ்”, இன்னொன்றில் “எக்ஸ்போர்ட்ஸ்” என்று இருப்பது நம் ஊரில் சாதாரணம். வாங்குநருக்கு அது சாதாரணம் அல்ல. வாங்குநரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. திறக்கும்போது பயனாளி பெயரும் இன்வாய்ஸ் பெயரும் வேறுபட்டால், வங்கி ஆவணத்தைக் குறையோடு திருப்பும். பணம் நிற்கும்.

போர்டலில் ஐ.இ.சி.யில் இருக்கும் பெயரையே நிறுவனப் பெயராகப் போடுங்கள். கடைப்பலகையில் வேறு பெயர் இருந்தால், அதை விவரப் பகுதியில் ஒரு வரியில் சொன்னால் போதும்.

எண்களைத் தட்டச்சு செய்து கொடுங்கள். சான்றிதழ்களின் முழு ஸ்கேனைப் பொதுப் பக்கத்தில் ஏற்றாதீர்கள். கையெழுத்தும் முத்திரையும் இருக்கும் ஸ்கேனை எடுத்து வேறொருவர் உங்கள் பெயரில் முன்பணம் கேட்பது இந்தத் தொழிலில் நடக்கிற மோசடிதான். ஐ.இ.சி. எண்ணும் பெயரும் தெரிந்தால், அதை வழங்கும் அரசுத் துறையான டி.ஜி.எஃப்.டி.யின் தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. எண்ணுக்கும் அப்படியே. உண்மையான வாங்குநருக்கு எண்ணே போதும்.

படி 2: உரிமையாளரின் வரலாற்றைப் பிரித்து எழுதுங்கள்

அதிகமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

“30 ஆண்டு ஏற்றுமதி அனுபவம்” என்று படித்த வாங்குநர் ஐ.இ.சி.யைத் தேடுகிறார். வழங்கிய ஆண்டு 2019. அந்த இடத்திலேயே உங்கள் மற்ற வாக்கியங்களின் மதிப்பும் இறங்கிவிடுகிறது. இத்தனைக்கும் அந்தக் குடும்பம் பொய்யாக எதையும் செய்யவில்லை. மஞ்சளில் முப்பது வருடம் இருப்பது உண்மை. அது ஏற்றுமதியில் முப்பது வருடம் ஆகாது, அவ்வளவுதான். இரண்டையும் தனித்தனியே சொன்னால் இரண்டுமே பலம்.

வரலாற்றை மூன்று அடுக்காகப் பிரியுங்கள். முதல் அடுக்கு சரக்கு அனுபவம்: எந்த ஆண்டு முதல் மஞ்சள் வாங்கி விற்கிறீர்கள், யார் நடத்தினார்கள். இரண்டாவது மறைமுக ஏற்றுமதி: உங்கள் சரக்கு வேறொரு வணிகரின் ஐ.இ.சி.யில் கப்பலேறியது. மூன்றாவது நேரடி ஏற்றுமதி: உங்கள் பெயரில் சுங்கத்துறைக்கு ஷிப்பிங் பில் போட்ட ஆண்டு முதல்.

இரண்டாவது அடுக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அல்லது நேரடி ஏற்றுமதியோடு கலந்துவிடுகிறார்கள். கலக்கக் கூடாது. விடவும் வேண்டாம். ஏற்றுமதித் தரத்துக்குச் சுத்தம் செய்து, ஈரப்பதம் பார்த்து, சாக்கு கட்டிக் கொடுத்த பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. காகிதம் வேண்டுமென்றால் அந்த வணிகர்களுக்கு நீங்கள் போட்ட விற்பனை பில்கள் இருக்கின்றன.

நம் மண்டிக்காரரின் பத்தி இப்படி மாறுகிறது. எளிய ஆங்கிலத்தில் இதே வரிசையில் எழுதினால் சரி:

“எங்கள் குடும்பம் 1994 முதல் ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துகிறது. இப்போதைய உரிமையாளர் 2008 முதல் கொள்முதலைக் கவனிக்கிறார். 2015 முதல் 2019 வரை இந்தியாவில் உள்ள ஏற்றுமதி வணிகர்களுக்கு விரலி மஞ்சள் வழங்கினோம். 2020 முதல் எங்கள் சொந்தப் பெயரில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் மலேசியாவுக்கும் அனுப்புகிறோம்.”

நான்கு வாக்கியம். பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கோப்பு இருக்கிறது.

Year Established என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்பார்கள். அந்தக் கட்டம் கேட்பது இந்த நிறுவனம் தொடங்கிய ஆண்டு. அப்பாவின் மண்டியும் மகனின் ஏற்றுமதி நிறுவனமும் வேறு வேறு பதிவு என்றால் 2019தான் சரி. 1994 விவரப் பத்தியில் வரட்டும். ஒரே நிறுவனமே தொடர்கிறது என்றால் 1994 போடலாம். அப்போதும் ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவுத் தேதி 1.7.2017 என்று காட்டக்கூடும். பழைய நிறுவனங்கள் பலவற்றுக்கும் அதே தேதிதான், ஏனென்றால் ஜி.எஸ்.டி. வந்ததே அன்றுதான். வெளிநாட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. “2017க்கு முன் வாட் பதிவு இருந்தது” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் கேள்வியே எழாது.

படி 3: நாடுகளின் பட்டியலைக் குறையுங்கள்

“உலகெங்கும்” என்ற சொல்லை அடித்துவிடுங்கள். இரண்டு நாட்டுக்குப் போயிருந்தால் இரண்டே நாடு. அமெரிக்காவை ஆசைக்குச் சேர்ப்பது தனியாக ஆபத்தானது. கடல் வழியாக அந்த நாட்டுக்குள் போகும் கப்பலின் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்ட் விவரம் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். அனுப்பியவர் பெயரைப் போட்டே தேட முடியும். மறைக்கச் சொல்லி மனு கொடுத்தவர்களின் விவரம் வராது என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்கா என்று எழுதிவிட்டு ஒரு பதிவும் இல்லையென்றால் வாங்குநர் விளக்கம் கேட்டு நிற்க மாட்டார், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். கூரியரில் போன மாதிரிப் பொட்டலம் ஏற்றுமதிச் சந்தை ஆகாது.

பழைய வாங்குநரின் பெயரையும் போடாதீர்கள். அவர் அனுமதி இல்லாமல் போட்டால், புதியவர் “நாளை என் பெயரும் இங்கே வரும்” என்று யோசிப்பார். நாடும் வாங்குநரின் வகையும் போதும்: “அமீரகத்தில் பொடி அரைக்கும் ஆலை”, “மலேசியாவில் மொத்த இறக்குமதியாளர்”.

படி 4: சரக்கை எண்ணில் சொல்லுங்கள்

“சிறந்த தரம்” என்பதை எந்த ஆய்வகமும் அளக்க முடியாது. அளக்க முடிவதை எழுதுங்கள். மஞ்சளுக்கு அது ரகம், விரலியா கிழங்கா, எத்தனை பாலிஷ், எந்த ஆண்டு அறுவடை, ஈரப்பதம், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் எத்தனை சதவீதம்.

குர்குமின் விஷயத்தில் கை நீளும். ஈரோட்டு மஞ்சள் பெரும்பாலும் 3 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதற்கு 6, 7 என்று போட்டால், மேகாலயாவின் லக்கடோங் மஞ்சளைத் தெரிந்த வாங்குநர் சிரித்துவிடுவார். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதை அடையாளமாகக் குறிப்பிடலாம். ஆனால் நீங்கள் அனுப்புவது அந்தப் பகுதிச் சரக்காக இருக்க வேண்டும். நிஜாமாபாத்திலிருந்தோ சாங்லியிலிருந்தோ ஈரோட்டுக்கு வந்து பாலிஷ் ஆன மஞ்சளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எண்ணோடு சோதனை முறையையும் சொல்லுங்கள். ஒரே மாதிரியை ஸ்பெக்ட்ரோ முறையில் அளந்தால் ஒரு எண் வரும், ஹெச்.பி.எல்.சி.யில் அளந்தால் பொதுவாக அதைவிடக் குறைவாக வரும். முறையைச் சொல்லாமல் விட்டால், அவர் ஊர் ஆய்வகத்தில் குறைவான எண் வந்ததும் நீங்கள் ஏமாற்றியதாக ஆகிவிடும்.

ஐரோப்பாவைக் குறிவைத்தால், பூஞ்சையால் வரும் நச்சான அஃப்லாடாக்சின் சோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டும். அங்கே மஞ்சளுக்கு அஃப்லாடாக்சின் பி1 வகையின் வரம்பு ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்லாடாக்சினுக்கு 10. ஈயச் சோதனை எந்த நாட்டுக்கும் வேண்டும். நிறம் கூட்ட ஈய குரோமேட் தடவிய மஞ்சள் பிடிபட்ட கதைகளால் எல்லா வாங்குநர்களுமே உஷாராக இருக்கிறார்கள். “அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் லாட் வாரியாகச் சோதித்து, லாட் எண்ணோடு அறிக்கை தருகிறோம்” என்று எழுதலாம், நிஜமாகவே அப்படிச் செய்வதாக இருந்தால்.

மாதக் கொள்ளளவிலும் இதே கதைதான். மாதம் 500 டன் என்று போட்டால், 20 அடி கன்டெய்னருக்குச் சுமார் 18 டன் என்று வைத்தாலும் மாதம் இருபத்தெட்டு கன்டெய்னர் வருகிறது. உங்கள் கிடங்குப் படத்தில் ஒரே ஒரு பாலிஷ் டிரம் தெரிகிறது. வாங்குநருக்கும் கணக்குப் போடத் தெரியும்.

படி 5: படங்கள்

இணையத்தில் எடுத்த படம் வேண்டாம், படத்தை வைத்துத் தேடினால் மூலம் வந்துவிடும். உங்கள் களத்தில் மஞ்சள் காய்வது, பாலிஷ் டிரம், லாட் எண் எழுதிய சாக்கு ஆகியவற்றைப் போனில் எடுத்தாலே போதும். உரிமையாளர் படம் ஸ்டுடியோவில் எடுத்ததாக இருக்க வேண்டியதில்லை. ஏலத்துக்கு வந்த மூட்டையில் கையை விட்டு ஒரு விரலியை ஒடித்துப் பார்க்கும் படம் இருந்தால், மண்டித் தொழில் தெரிந்தவர் என்பது தனியாகச் சொல்லாமலே புரியும்.

படி 6: முதல் விசாரணைக்கு முன்பே கோப்பைத் தயாராக வையுங்கள்

அறிமுகத்தைப் பார்த்து வரும் முதல் மெயிலில் பெரும்பாலும் கேட்பது, சமீபத்தில் அனுப்பிய சரக்கின் ஆதாரம். கப்பல் நிறுவனம் சரக்கை ஏற்றிக்கொண்டதற்குத் தரும் பில் ஆஃப் லேடிங்கில் சமீபத்திய சிலவற்றை எடுத்து, வாங்குநர் பெயரையும் முகவரியையும் மறைத்து, உங்கள் பெயர், கப்பல், துறைமுகம், எடை, தேதி தெரியும்படி பி.டி.எஃப். செய்து வையுங்கள். இன்வாய்ஸ் கொடுத்தால் விலையையும் மறையுங்கள். எல்லாப் பக்கத்திலும் குறுக்காக “சரிபார்ப்புக்கு மட்டும்” என்று அந்த வாங்குநரின் பெயரோடு வாட்டர்மார்க் போட்டு அனுப்புங்கள்.

ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஐ.இ.சி. விவரங்களை ஆண்டுதோறும் டி.ஜி.எஃப்.டி. தளத்தில் உறுதிசெய்ய வேண்டும். மாற்றம் இல்லாவிட்டாலும் செய்தாக வேண்டும், தவறினால் ஐ.இ.சி. முடக்கப்படும். அதற்குள் புது மஞ்சள் வரத்தும் வந்திருக்கும். ஆகவே அந்த வேலையோடு சேர்த்து போர்டல் பக்கத்தில் அறுவடை ஆண்டு, புது லாட்டின் சோதனை எண், கடந்த நிதியாண்டில் அனுப்பிய நாடுகள் ஆகிய மூன்றையும் மாற்றிவிடுங்கள்.