சோலார் வீடியோ ஸ்கிரிப்ட்: நடுவர் கேள்வி கேட்கும் இடங்கள்

அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்கள் எடுத்துவரும் சோலார் வீடியோக்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: “சூரிய வெப்பத்தைத் தகடு மின்சாரமாக மாற்றுகிறது.” அதற்கு அடுத்த வரியும் தெரிந்ததுதான். “திருநெல்வேலி வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம், மின்சாரம் அள்ளிக்கொண்டு வரும்!” நடுவர் இங்கேயே நிறுத்தி, “தகடு சூடானா கரண்ட் கூடுமா, குறையுமா தம்பி?” என்று கேட்டால் பையன் “கூடும் சார்” என்பான். மதிப்பெண் அங்கேயே போய்விடும்.

வெப்பத்தை எடுத்துக்கொள்வது மாடியில் வைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர். தகட்டுக்கு வேண்டியது ஒளி. ஒளி சிலிக்கானில் விழும்போது எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. இரண்டு வகை சிலிக்கான் சந்திக்கும் இடத்தில் உள்ள மின்புலம் அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, அதுதான் கம்பியில் மின்னோட்டமாக வருகிறது. சூடேறினால் விடுபட்ட எலக்ட்ரான்கள் உள்ளேயே மறுபடி சேர்ந்துகொள்வது கூடும். அதனால் வோல்ட் இறங்கும். தகட்டில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டுக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் தகட்டின் திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். பாளையங்கோட்டை மொட்டை மாடியில், சித்திரை மதியத்தில் தகடு 60 டிகிரியைத் தொட்டால் 14 சதவீதம் போய்விடுகிறது.

இதைச் சொல்லிவிட்டுப் போகாமல் காட்டிவிடலாம். வீட்டுக்குள் நிழலில் வைத்திருந்த தகட்டை வெயிலுக்குக் கொண்டுவந்ததும் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். 6 வோல்ட், 1 வாட் என்று விற்கும் சின்னத் தகட்டில் எதையும் இணைக்காதபோது 7 வோல்ட் போலக் காட்டும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதுவே 6.5 பக்கம் வந்திருக்கும். தகட்டின் பின்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றினால் எண் மெல்ல ஏறும். தகடும் மீட்டரும் ஒரே ஃபிரேமில் இருக்கட்டும், நடுவில் வெட்ட வேண்டாம். வெட்டினால், இரண்டு தகட்டை வைத்து எடுத்தாயா என்ற சந்தேகம் வரும். ஸ்கிரிப்டில் இதற்கு ஒரு வரி போதும்: “வெயில் அதே வெயில்தான், தகடு சூடானதால் வோல்ட் குறைந்தது.”

அடுத்த தவறு கணக்கில் வரும். மீட்டரில் வோல்ட் பார்க்கிறார்கள், 6.5. பிறகு ஆம்பியருக்கு மாற்றி இரண்டு முனையிலும் நேராக வைக்கிறார்கள், 0.19. இரண்டையும் பெருக்கி “எங்கள் தகடு 1.24 வாட் தருகிறது” என்று ஸ்கிரிப்டில் எழுதிவிடுகிறார்கள். 1 வாட் தகடு, அதுவும் சூடான தகடு, 1.24 வாட் எப்படித் தரும்? முதல் எண் மின்னோட்டமே ஓடாதபோது எடுத்தது. இரண்டாவது எண் முனைகளைக் குறுக்கே இணைத்தபோது, அதாவது வோல்ட் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்தபோது எடுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது.

சரியான வழி, தகட்டுக்கு ஒரு சுமை கொடுத்து அளப்பது. 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்து அதன் குறுக்கே வோல்ட் பார்க்க வேண்டும். 2 வாட் தாங்கும் ரெசிஸ்டராகக் கேட்டு வாங்குங்கள், சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் நடுவர் முன்னாலேயே புகைந்துவிடும். மீட்டர் 5.5 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5.5-ஐ 5.5-ஆல் பெருக்கி 33-ஆல் வகுத்தால் 0.92 வாட். இது நம்பும்படியான எண்.

அப்புறம் செயல்திறன். தகடு 11 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 0.0066 சதுர மீட்டர். உச்சி வெயிலுக்கு நேராகத் திருப்பி வைத்த தகட்டில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் விழுவதாகக் கொண்டால் வருவது 6.6 வாட். 0.92-ஐ அதனால் வகுத்தால் சுமார் 14 சதவீதம். முதல் கணக்கில் போயிருந்தால் 19 வந்திருக்கும், பார்க்க அழகாக இருக்கும், கேட்டால் பதில் இருக்காது. அந்த 1000 நாம் அளந்தது இல்லை என்பதையும் ஸ்கிரிப்டிலேயே சொல்லிவிட வேண்டும்: “ஒளியை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை, தெளிந்த வானத்துக்கு வழக்கமாகக் கொள்ளும் மதிப்பை எடுத்துக்கொண்டோம்.” நடுவர் கேட்ட பிறகு இதைச் சொன்னால் சமாளிப்பதுபோல் ஆகிவிடும்.

தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் சாரல் மாதங்களில் படமெடுத்தால் இந்த 1000-ஐ நம்பவே கூடாது. ஒரு மேகம் கடந்தால் ஆம்பியர் நொடியில் பாதிக்குக் கீழே போகும். இரண்டு அளவுகளை ஒப்பிடுவதாக இருந்தால் வானம் வெளுத்திருக்கும்போது அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று என்று எடுத்தால் எது மாறியது என்று உங்களுக்கே தெரியாது.