பாதியில் நின்ற .mp4 கோப்பு: மீட்பதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

நண்பர் ஒருவர் தன் அப்பா பேசிய 20 நிமிடப் பேச்சைப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். முடியும் நேரத்தில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. கோப்பு இருக்கிறது, 2.5 ஜிபி அளவும் காட்டுகிறது, ஆனால் எந்த பிளேயரிலும் ஓடவில்லை. "அழித்துவிடட்டுமா?" என்று கேட்டார். அழிக்கக் கூடாது. அந்தப் போன் நிமிடத்துக்குச் சுமார் 130 மெகாபைட் எழுதும். 20 நிமிடத்துக்கு 2.5 ஜிபி என்றால் கணக்குச் சரியாக வருகிறது, படம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது.

அப்படியானால் ஏன் ஓடவில்லை? .mp4 கோப்பில் படமும் ஒலியும் `mdat` என்ற பகுதியில் இருக்கும். எந்த ஃபிரேம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த கோடெக் என்ற அட்டவணை `moov` என்ற பகுதியில் இருக்கும். போன்கள் பொதுவாக இந்த அட்டவணையைப் பதிவை நிறுத்தும்போது, கடைசியில்தான் எழுதும். நடுவில் அணைந்தால் அது எழுதப்படாமலே போய்விடும். அது இருக்கிறதா என்று லினக்ஸிலோ மேக்கிலோ இப்படிப் பார்க்கலாம்:

```
grep -abo moov pechu.mp4
```

எந்த வரியும் வராவிட்டால் அட்டவணை இல்லை. பெரிய கோப்பில் அந்த நான்கு எழுத்துகள் தற்செயலாகவும் வரலாம், அதனால் வரி வந்தாலும் ffmpeg-இல் திறந்து பாருங்கள். அட்டவணை இல்லையென்றால் `moov atom not found` என்று வரும்.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். கோப்பின் பெயரை .avi என்று மாற்றிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் ஏதாவது கன்வர்ட்டரில் போடுவார்கள். கன்வர்ட்டரும் அந்த அட்டவணையைப் படித்துத்தானே படத்தை எடுக்க வேண்டும்? விஎல்சியில் பழுது பார்க்கும் வசதி இருக்கிறதே என்பார்கள், அது .avi கோப்பின் அட்டவணைக்கானது, இங்கே உதவாது. இதெல்லாம் நேரத்தைத்தான் வீணாக்கும். ஆனால் அதே போனில் தொடர்ந்து பதிவு செய்வதும், மெமரி கார்டை ஃபார்மட் செய்வதும் உண்மையிலேயே கெடுதல். முதல் வேலையாகக் கோப்பை கணினிக்கு நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கோப்பின் அளவு 0 என்று காட்டினால் கதை வேறு. அப்போது கார்டையே தேட வேண்டும், கீழே சொல்வது பொருந்தாது.

அட்டவணை இல்லாத கோப்புக்கு untrunc என்ற இலவச நிரல் இருக்கிறது. நன்றாக ஓடும் இன்னொரு வீடியோவை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து ஃபிரேம்களை அடையாளம் கண்டு புதிய அட்டவணை எழுதும்.

```
untrunc maathiri.mp4 pechu.mp4
```

நண்பர் முதலில் வேறொரு போனில் எடுத்த வீடியோவை மாதிரியாகக் கொடுத்தார். கிடைத்தது சாம்பல் திரையும் கரகர ஒலியும்தான். மாதிரி அதே போனில், அதே கேமரா செயலியில், அதே ரெசல்யூஷன், ஃபிரேம் வேகம், கோடெக் வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். அதே போனில் ஒரு நிமிடம் புதிதாக எடுத்துக் கொடுத்தாலே போதும், ஆனால் கோப்பை நகலெடுத்த பிறகு. அப்படிச் செய்ததும் பேச்சு வந்துவிட்டது, கடைசிச் சில விநாடிகள் மட்டும் இல்லை.

பாதி டவுன்லோடான கோப்புக்கு வழி வேறு. மூலக் கோப்பு இன்னும் சர்வரில் இருந்தால் பழுது பார்க்கப் போக வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பிரவுசர் விட்டுவைத்த .crdownload அல்லது .part கோப்பைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அதன் நகலுக்குச் சுட்டியில் உள்ள பெயரையே வைத்து, அந்த ஃபோல்டரிலிருந்து wget என்ற டவுன்லோட் நிரலுக்கு `wget -c "சுட்டி"` என்று கொடுத்தால், சர்வர் அனுமதித்தால் மீதி மட்டும் இறங்கும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. கையில் இருப்பது தொடக்கத்திலிருந்து விடுபடாமல் வந்த துண்டு என்றே wget நம்பும். பல இணைப்புகளில் துண்டு துண்டாக இறக்கும் டவுன்லோட் மேனேஜரும் டொரண்டும் அப்படி எழுதுவதில்லை. நடுவே ஓட்டைகள் இருந்தாலும் கோப்பு முழு அளவைக் காட்டும். அதை wget-இடம் கொடுத்தால் "முடிந்துவிட்டது" என்று சொல்லிவிடும், ஓட்டைகள் அப்படியே இருக்கும். அவற்றை இறக்கத் தொடங்கிய அதே நிரலில்தான் தொடர வேண்டும்.

அப்புறம், மீட்ட கோப்பின் முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு உடைந்ததை அழிக்காதீர்கள். போன்கள் ஃபிரேம் வேகத்தைச் சற்றே மாற்றி மாற்றி எழுதுவதால், மீட்டதில் தொடக்கம் சரியாக இருந்து, போகப் போக உதடும் குரலும் விலகலாம். நண்பரின் கோப்பிலும் 15வது நிமிடத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தது. ஒலித் தடத்தின் வேகத்தை எடிட்டரில் சற்று மாற்றி அவர் சரிசெய்துகொண்டார்.