முதல் சம்பளம் 18,000 ரூபாய்: எப்படிப் பிரிப்பது?

கையில் 18,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடுதி வாடகையும் சாப்பாடும் 7,500, பஸ், கைபேசி, சில்லறைச் செலவு 1,500, வீட்டுக்கு 3,000. ஆக, தேவைகளுக்கே 12,000 போய்விடும். மீதி 6,000. 'சம்பளத்தில் பாதி தேவைகளுக்கு, மறுபாதி ஆசைகளுக்கும் சேமிப்புக்கும்' என்ற பிரபல கணக்கு இந்தச் சம்பளத்துக்கு ஒத்துவராது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அந்த ஆறாயிரத்தில் மாதாமாதம் 3,500 ரூபாயை வங்கியில் பத்து மாதத் தொடர் வைப்பில் போடுங்கள். முடியும்போது வட்டியோடு ஏறத்தாழ 36,000 கிடைக்கும். வேலை போனாலும் மூன்று மாதம் தாக்குப்பிடிக்க அது போதும். பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் குறியீட்டு நிதியில் 1,000 ரூபாய்க்கு எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் போகும் முதலீடு. மீதி 1,500 உங்கள் ஆசைகளுக்கு. அதையும் இறுக்கிப்பிடித்தால் திட்டமே நிலைக்காது.

எஸ்ஐபி தொகை இப்போதைக்குச் சிறிதாகவே இருக்கட்டும். சம்பளச் சீட்டைப் பாருங்கள்: அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப் பிடித்திருந்தால், நீண்டகாலச் சேமிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. வைப்பு முதிர்ந்ததும் அந்த 3,500-இல் 2,500 ரூபாயை எஸ்ஐபிக்கு மாற்றலாம்.

வைப்புக்கும் எஸ்ஐபிக்கும் கணக்கிலிருந்து பணம் பிடிக்கும் தேதியைச் சம்பள நாளுக்கு மூன்று நாள் தள்ளி வையுங்கள். சம்பளம் தாமதமாகிக் கணக்கில் பணம் இல்லாவிட்டால், வங்கி அபராதம் போடும்.